வாய் திரும்பிய ஆறு சங்குகள்

நாற்பது போட்டோக்களை ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது எனக்குப் பெரிய விஷயமில்லை என்ற திமிர் அப்போது நிறையவே இருந்தது. ஆறு வருஷம் படூர் பக்கத்தில் ஓர் ஆபீசில் அதைத்தான் செய்தேன். எங்கோ வெளிநாட்டில் விற்கும் சட்டை, கைப்பை, சமையல் பாத்திரம் எல்லாவற்றின் படங்களும் வரும். நிழலைத் திருத்தி, நிறத்தைச் சரிசெய்து அனுப்புவோம். ஒரு நாள் எங்கள் குழுவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். செங்கல்பட்டு வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டரோடு இணைத்து வரையும் பலகையை மேஜையில் வைத்துக்கொண்டு, யாராவது வேலை தரமாட்டார்களா என்று மூன்று மாதம் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது கிடைத்ததுதான் சங்கு வேலை. மாமல்லபுரத்தில் ஓர் அக்கா சங்கையும் சிப்பியையும் தேய்த்து மெருகேற்றி விற்கிறார். பட்டறையில் நாலு பெண்கள் வேலை செய்கிறார்கள். சென்னையில் பூஜைப் பொருள் கடைகள் சிலவற்றுக்குக் கொள்முதல் பார்க்கும் ஒருவர் அவரிடம் சரக்கு எடுக்கத் தயாராக இருந்தார், ஆனால் கேட்லாக் வேண்டும் என்றார். அதிலும் போட்டோ கூடாது, வரைந்த படம்தான் வேண்டும் என்றார். காரணம் நியாயமானது. ஒரு சங்கின் ரேகை இன்னொன்றுக்கு வராது. போட்டோ போட்டால், படத்தில் இருந்தது இது இல்லையே என்று வாங்கியவர்கள் திருப்பி அனுப்புவார்கள். படம் என்றால் இந்த மாதிரி, இந்த அளவு, இந்த நிறம் என்று காட்டினால் போதும்.

அக்கா அனுப்பிய போட்டோக்களைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டேன். எல்லாம் போனில் எடுத்தவை. சில கடைக்குள் ட்யூப்லைட்டில், பாசி படிந்த மாதிரி பச்சையாக. சில வாசலில், உச்சி வெயிலில், கரியால் தீட்டியது போன்ற நிழலோடு. சில மொட்டைமாடியில் சாயங்காலம், மஞ்சள் குளித்து. மறுபடி எடுக்கலாம் என்றால் பாதிச் சரக்கு அதற்குள் விற்றுப்போயிருந்தது. ஒரே ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். எல்லாப் பொருளையும் வீடு கட்டியபோது மிஞ்சிய ஒரு வெள்ளை பாத்ரூம் டைலின் மேல் வைத்தே எடுத்திருந்தார். டைலின் நிறம் மாறாது அல்லவா? ஒவ்வொரு படத்திலும் டைல் வெள்ளையாகத் தெரியும்வரை நிறத்தைத் திருத்தினால், அதோடு சேர்ந்து சங்கும் தன் சொந்த நிறத்துக்கு வந்துவிடும். அந்த டைலுக்கு நான் கோயில் கட்டியிருப்பேன்.

அதற்குப் பிறகு சட்டம் வகுத்துக்கொண்டேன். வெளிச்சம் எப்போதும் இடப்பக்கம் மேலிருந்து. நிழல் வலப்பக்கம் கீழே, ஒரே சாய்வில், ஓரம் மங்கலாக. சங்குக்கு ஏழே நிறம்: பளிச்சென்ற இடத்துக்கு ஒன்று, உடம்புக்கு மூன்று, நிழலுக்கு இரண்டு, வாயின் உட்புறத்துக்கு இளஞ்சிவப்பு ஒன்று. கறுப்பு கிடையவே கிடையாது. போட்டோவை அடியில் வைத்து மேலே கோடு இழுத்து, நிறத்தை அடுக்கடுக்காகப் பூசினேன். பத்துப் படம் முடிந்தபோது, பத்தும் ஒரே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தன. எனக்கே என்னைப் பிடித்தது.

பதினோரு போட்டோக்களில் மட்டும் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வந்தது. அவற்றுக்கு வெளிச்சத்தை மாற்றி யோசித்து வரைய வேண்டும், நேரம் பிடிக்கும். ஆபீசில் இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருந்தோம். படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலமாகத் திருப்பிப் போட்டால் வெளிச்சம் தானாக இந்தப் பக்கம் வந்துவிடும். எழுத்து இருந்தால் திருப்பாதே, சட்டை என்றால் பொத்தானைப் பார், கடிகாரம் என்றால் தொடாதே. இவ்வளவுதான் விதி. சங்கில் எழுத்தா இருக்கிறது, பொத்தானா இருக்கிறது? பதினொன்றையும் திருப்பினேன். அவற்றில் ஆறு, சங்கு.

முதல் இரண்டு பக்கத்தை மாதிரிக்குக் கேட்டார் சென்னைக்காரர். அக்காவிடம் கேட்டேன். "எனக்கு இந்த மெயிலு கியிலுலாம் தெரியாதும்மா, நீயே அனுப்பிடு" என்றார். அனுப்பிவிட்டேன், அவருக்குக் காட்டாமலே.

மறுநாள் காலை அக்காவிடமிருந்து போன். "கொஞ்சம் கெளம்பி வந்துட்டுப் போறியா?" என்று மட்டும் சொன்னார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழி பஸ்ஸில் ஏறினேன். நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

பட்டறைக்குள் நுழைந்ததும் அவர் என் கையில் ஒரு சங்கைக் கொடுத்தார்.

"ஊதுற முனை கீழ, வாலு மேல, வாய் உன்னப் பாக்கணும். அப்படிப் புடி. எந்தப் பக்கம் தொறந்துகினு கீது?"

"இடது பக்கம்க்கா."

"இப்ப நீ வரைஞ்சதப் பாரு."

அவர் போனில் என் படம். அதே சங்கு, அதே வரிகள். வாய் வலப்பக்கம் திறந்திருந்தது.

"வலம்புரி" என்றார். "கடல்ல லட்சத்துல ஒண்ணு கெடைக்குமான்னு சொல்லுவாங்க. நீ குந்தினு இருந்த எடத்துலயே ஆறு புடிச்சிட்ட."

எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியிலும் ஒரு சங்கு இருக்கிறது. வருஷக்கணக்காகத் துடைத்து வைத்திருக்கிறேன். அது எந்தப் பக்கம் திறக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

அதோடு போயிருந்தால் தேவலை. சென்னைக்காரர் ஏற்கெனவே என் படங்களோடு அக்காவின் போனுக்கே பதில் அனுப்பியிருந்தார். 'வலம்புரி இருக்கு என்று நீங்கள் சொல்லவே இல்லையே, எத்தனை கிடைக்கும்?' என்று கேட்டிருந்தார். அக்கா அதை எனக்குப் படித்துக் காட்டினார், குரலை உயர்த்தாமலே. அதுதான் அதிகம் வலித்தது.

"இந்தக் கடைய தொறந்த நாள்லேர்ந்து ஒரே பேச்சு பேசறேன்" என்றார். "டூரிஸ்ட்டு வந்து வலம்புரி கீதான்னு கேப்பான். இல்லன்னு சொல்லுவேன். அந்தாண்ட போனா ஒட்டுப்போட்டு வலம்புரின்னு விக்கிறவன் கீறான், அங்க போயி ஏமாறாதன்னும் சொல்லுவேன். அதனாலதான் நம்ம கடைக்குத் திரும்பி வர்றாங்க. இப்ப என் பேரு போட்ட புக்குலயே ஆறு வலம்புரி. எனக்கே சங்கு ஊதிட்டியேம்மா."

தேய்த்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். அக்காவுக்கும் உதட்டோரம் லேசாக அசைந்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த ஆர்டர் கைவிட்டுப்போனால் அந்த நாலு பெண்களுக்கும் வேலை குறையும் என்று முன்பே சொல்லியிருந்தார்.

"நான் அவருக்குப் போன் பண்றேன்" என்றார்.

"நீங்க வேண்டாம்க்கா. தப்பு என்னோடது. நான் பேசறேன்."

பேசினேன். வெளிச்சத்துக்காகப் படத்தைத் திருப்பினேன், அது சாதாரணச் சங்கு, அக்காவுக்கு இதில் எதுவும் தெரியாது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். "திருத்தி அனுப்புங்க, பார்க்கலாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார் சென்னைக்காரர். அந்தப் 'பார்க்கலாம்' எந்தப் பக்கம் திறக்கிறது என்று எங்களுக்குப் புரியவில்லை.

படத்தைத் திரும்ப மாற்றிப்போட்டால் வாய் சரியாகிவிடும், வெளிச்சம் கெட்டுவிடும். குறுக்கு வழியே வேண்டாம் என்று முடிவு செய்தேன். அங்கேயே, பட்டறை மேஜையில், அந்த வெள்ளை டைலைப் போட்டு, மேலே சங்கை நிறுத்தி, இடப்பக்கம் மேலிருந்து ஒரு மேஜை விளக்கைச் சாய்த்து வைத்தேன். வெளி வெளிச்சம் வராமல் அக்கா ஜன்னலில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டார். போட்டோவிலிருந்து உருவத்தையும், கண்ணெதிரே இருப்பதிலிருந்து வெளிச்சத்தையும் எடுத்து வரைய ஆரம்பித்தேன்.

வலப்பக்கத்து வெளிச்சத்தில் எடுத்த அந்த ஆறு போட்டோவிலும் சங்கின் வாய் ஒரு இருட்டுப் பொந்தாகத்தான் இருந்தது. உடம்பே வெளிச்சத்தை மறைத்துக்கொண்டது. அதைத்தான் நான் அப்படியே திருப்பியிருந்தேன். இப்போது இடப்பக்கம் திறந்த வாய்க்குள் இடப்பக்கத்து வெளிச்சம் நேராக நுழைந்தது. உதட்டின் நிழல் மெல்லிதாக ஓரத்தில் விழ, எதிர்ச்சுவர் முழுக்க இளஞ்சிவப்பாக எழுந்து நின்றது. அதில் மூன்று நாலு மடிப்புகள், ஒவ்வொன்றும் விளிம்பு மின்ன. அப்படி ஒன்று அங்கே இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். சந்தோஷமாக இருந்தது. வேலை போன பிறகு முதல் தடவையாக, யாருக்கும் நிரூபிக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் வரைந்தேன்.

மூன்று நாள் போய்வந்தேன். ஆறு சங்கும் முடிந்தன. மிச்சம் ஐந்தும் சிப்பி விளக்கு, கிண்ணம் போன்றவை. "அதுலாம் திருப்பினா எவனுக்குத் தெரியும், வுடு" என்றார் அக்கா. விட மனமில்லாமல் அவற்றையும் புதிதாக வரைந்தேன். கடைசியில் அவர் ஒரு வரி எழுதச் சொன்னார். சங்குப் பக்கத்தின் அடியில், பெரிய எழுத்தில்: 'இந்தப் பக்கத்தில் உள்ள சங்குகள் எல்லாம் இடம்புரி.'

"அக்கா, வலம்புரி இல்லைங்கறதை நாமளே சொல்லி எதுக்கு விக்கணும்னு அவர் கேட்கப்போறார்" என்றேன்.

"கேக்கட்டும்."

இந்தத் தடவை முதலில் அக்காவிடம் காட்டி, ஒவ்வொரு வாயையும் அவர் விரலால் தொட்டுப் பார்த்த பிறகே அனுப்பினேன். இரண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள், நான் பட்டறையில் இருந்தபோதே அக்காவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"இடம்புரியே அனுப்புங்கம்மா" என்றார் சென்னைக்காரர். "முதல் லாட்டை நாங்க கேட்ட அளவுக்கே போடுங்க. கீழே இருக்கிற அந்த வரியை மட்டும் எடுத்துடாதீங்க. தன்கிட்ட வலம்புரி இல்லைன்னு தானே எழுதிக் குடுத்த ஆளை நான் இப்பதான் பார்க்கிறேன்."

அக்கா நன்றி சொல்லி வைத்தார். தேய்க்கும் சத்தம் நின்றிருந்தது. நாலு பெண்களும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இன்னா பாக்குறீங்க, கை நிக்கக் கூடாது" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"அந்த வரிக்குக் கீழ இன்னொரு வரி போடு."

"என்னன்னு?"

"படம் வரைஞ்சதுன்னு எழுதி, உன் பேரப் போடு. நாளைக்கு எவனாச்சும் தப்புன்னு வந்தான்னா, நான் உன்னக் காட்டணுமில்ல."

ஆறு வருஷம் எத்தனை ஆயிரம் படத்துக்கு வெளிச்சம் போட்டேன் என்று கணக்கில்லை. ஒன்றின் அடியிலும் என் பெயர் வந்ததில்லை. சின்ன எழுத்தில் போடலாம் என்று ஆரம்பித்தேன். அக்கா பக்கத்தில் நின்றுகொண்டு, இன்னும் பெரிசா, இன்னும் பெரிசா என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.