இன்ஸ்பெக்டர் திறக்காத டயரி

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் திருச்சி செஷன்ஸ் கோர்ட்டில் ஒரு சீனியர் வக்கீலிடம் ஜூனியராக இருந்தேன். வீடு ஸ்ரீரங்கத்தில். தினமும் காலையில் பஸ் பிடித்துக் காவிரிப் பாலத்தைத் தாண்டிக் கோர்ட்டுக்குப் போவேன். பதினாறு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டு. மழை பெய்தது, பாலத்தில் பஸ் நின்றது, யார் வந்தார்கள், என்ன படித்தேன், எல்லாம் நேரத்தோடு அதில் இருக்கும். இந்தப் பழக்கத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமைக்கு ஒரு கொலை வழக்கில் சரியாக அடி விழுந்தது.

எங்கள் கட்சிக்காரர் லால்குடிப் பக்கத்து விவசாயி. வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் பக்கத்து வயல்காரரை அரிவாளால் வெட்டிக் கொன்றுவிட்டார் என்பது வழக்கு. பார்த்ததாகச் சொன்னவர் இறந்தவரின் தம்பி ஒருவர்தான், அதுவும் இருட்டத் தொடங்கிய நேரத்தில், தூரத்திலிருந்து. ஆகவே வழக்கைத் தாங்கி நின்றது அரிவாள். வைகுண்ட ஏகாதசியன்று காலை ஆறரைக்கு லால்குடி ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டரே அவரைக் கைது செய்ததாகவும், கட்சிக்காரரே அழைத்துப் போய் மூங்கில் புதரிலிருந்து ரத்தக்கறை படிந்த அரிவாளை எடுத்துக் கொடுத்ததாகவும், ஏழரைக்கு அதைக் கைப்பற்றியதற்கு மகஜர் எழுதி கிராம முனிசீப்பும் கணக்குப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டதாகவும் போலீஸ் சொன்னது. கட்சிக்காரர் சொன்னது வேறு. "முந்தின நாளே புடிச்சுட்டாங்கய்யா. அந்த அருவா எங்க வூட்டு அருவாளே இல்ல. மூங்கப் பொதர நான் பாக்கவே இல்ல."

சட்டம் திருத்தப்பட்ட பிறகு சாட்சிகள் போலீஸிடம் சொன்ன வாக்குமூலங்களின் நகல் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, கிடைத்துவந்தது. அதெல்லாம் எங்களிடம் இருந்தது. கிடைக்காதது கேஸ் டயரி. புலன்விசாரணை செய்யும் அதிகாரி அன்றன்று எழுத வேண்டியது அது. தகவல் எப்போது வந்தது, விசாரணையை எப்போது தொடங்கி எப்போது முடித்தார், எங்கெங்கே போனார், என்ன தெரிந்துகொண்டார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கோர்ட் அதை வரவழைத்துப் படிக்கலாம். ஆனால் சாட்சியமாக அல்ல, விசாரணைக்கு உதவியாக மட்டும். எதிரியோ அவருடைய வக்கீலோ அதைக் கேட்க முடியாது. ஒரே ஒரு வாசல் உண்டு. அந்த அதிகாரி கூண்டில் நின்றபடி ஞாபகத்துக்காக டயரியைப் பார்த்தால், பார்த்த பகுதியை எங்களுக்கும் காட்ட வேண்டும், அதை வைத்து நாங்கள் குறுக்கு விசாரணை செய்யலாம். நீதிபதியே அதை வைத்து அவர் சொன்னதை மறுத்துக் கேட்டாலும் அப்படித்தான்.

இன்ஸ்பெக்டர் கூண்டில் ஏறியபோதுதான் அவர் முகத்தை முதல்முறையாகப் பார்த்தேன். முதல்முறை என்று நினைத்தேன். அவர் பேசத் தொடங்கியதும் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தேன். இந்தக் கட்டைக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறேன், இந்த முறுக்கு மீசையைப் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நாட்குறிப்பை எடுத்தேன். ஏகாதசி நாளின் பக்கத்தில் என் கையெழுத்தில் இருந்தது: 'பரமபத வாசல் சேவைக்கு வரிசையில். காலை ஏழே கால் மணி. கட்டைக் குரல், முறுக்கு மீசைப் போலீஸ் அதிகாரி ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைத் தோளில் தள்ளினார். அற்ப மனிதர்.'

ஏழே காலுக்கு அவர் ஸ்ரீரங்கத்தில். அப்படியானால் ஆறரைக்கு லால்குடி ஸ்டேஷனில் இருந்தது யார்?

மறுநாள் காலையில் சீனியரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீர் பாத்தது வேற மீசையா இருந்தா?"

"அவரேதான் சார். குரல்கூட."

"சரி. முதல்ல அவரை டயரியைத் தொட வைக்கப் பாக்கறேன். அதுல அவர் நேரம் மாத்தி எழுதியிருக்கலாம், எழுதாமலும் இருக்கலாம். பக்கம் கைக்கு வந்தாத்தான் தெரியும்."

அன்றைய குறுக்கு விசாரணை எனக்கு இன்னும் வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. டயரி இன்ஸ்பெக்டரிடம் இல்லை. அரசு வக்கீலின் மேஜையில், காகிதக் கட்டுகளுக்கு அடியில், கட்டிய கயிறு அவிழாமல் இருந்தது. அதிகாரிகளின் வழக்கம் அது. கையில் இருந்தால் பார்க்கத் தோன்றும், பார்த்தால் காட்டவேண்டி வரும்.

சீனியர் மெதுவாக ஆரம்பித்தார். எத்தனை மணிக்கு ஜீப் கிளம்பியது, எந்தப் பாலத்தைத் தாண்டியது, டிரைவர் யார், முனிசீப்புக்கு ஆள் அனுப்பியது எப்போது, யாரை அனுப்பினார். இத்தனை சின்ன விவரத்தை யாராலும் மனத்தில் வைத்திருக்க முடியாது.

"ஞாபகம் இல்லீங்க."

"பரவாயில்லே. எழுதி வச்சிருப்பீங்களே. பாத்தே சொல்லுங்களேன், நமக்கு அவசரம் ஒண்ணுமில்லே."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "எழுதி இருக்கு. ஆனா பாக்கவேண்டிய அவசியம் இல்லீங்க. ஞாபகம் இருக்கிறதை மட்டும் சொல்றேன்."

கோர்ட்டில் எல்லாரும் சிரித்தார்கள். அரசு வக்கீல் மேஜையில் விரலால் தாளம் போட்டார். சீனியர் கேள்வியை மாற்றினார்.

"அன்னிக்கு ஸ்ரீரங்கத்துல பந்தோபஸ்து பாத்தீங்களா?"

"பாத்தேன். வாசல் திறந்தவுடனே மேலதிகாரிகிட்ட சொல்லிட்டுக் கிளம்பிட்டேன்."

"எத்தனை மணிக்கு?"

"விடியறதுக்கு முன்னாடி. மணி ஞாபகம் இல்லீங்க."

சீனியர், நீதிபதியின் பக்கம் திரும்பி, டயரியைக் கோர்ட்டே வரவழைத்துப் பார்க்க வேண்டும் என்று மனுச் செய்தார். நீதிபதி சம்மதித்தார். கட்டு மேடைக்குப் போனது. கயிறு அவிழ்ந்தது. அவர் பக்கங்களைப் புரட்டினார், ஓர் இடத்தில் நின்றார், முன்பக்கம் போனார், மறுபடி வந்தார். நாங்கள் அவர் புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் கட்சிக்காரரும் குற்றவாளிக் கூண்டிலிருந்து அதையே பார்த்தார். நீதிபதி கட்டை மூடினார். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. "கன்டின்யூ" என்றார்.

அது பத்தடி தூரத்தில் இருந்தது. அதில் இருக்கும் ஒரு வரியில் ஒரு மனிதனின் கழுத்து தொங்கிக்கொண்டிருந்தது. படிக்க எங்களுக்கு உரிமை இல்லை.

போலீஸ் தரப்புச் சாட்சிகள் முடிந்ததும் சீனியரிடம் சொன்னேன், நான் வக்காலத்தை விட்டுவிட்டுச் சாட்சி சொல்கிறேன் என்று.

"யோசிச்சு சொல்றீரா? இத்தனை நாள் எங்கூட உக்காந்து எல்லாச் சாட்சியையும் கேட்டவர் நீர். அரசு வக்கீல் கிழிச்சுத் தொங்க விடுவார்."

"கண்ணால பாத்ததைச் சொல்லாம இருக்கறதா?"

"சொல்லும். ஆனா அந்த நோட்டை வீட்டுல வச்சுட்டு வாரும்."

இந்தப் பேச்சை நான் கேட்கவில்லை. தேதியும் நேரமும் எழுத்தில் இருக்கும்போது வாய்ச் சொல்லை யார் மதிப்பார்கள் என்று எனக்கு எண்ணம். கூண்டில் நின்று, ஏகாதசியன்று எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று சீனியர் கேட்டதும், பழக்கதோஷத்தில் நோட்டைப் பிரித்து, பார்த்து, "ஏழே கால்" என்றேன். சீனியர் கண்ணை மூடிக்கொண்டார்.

அரசு வக்கீல் எழுந்தார். "யுவர் ஆனர், சாட்சி ஞாபகத்துக்காகப் பார்த்த அந்தப் பக்கத்தைப் பார்க்க எனக்கு உரிமை இருக்கு."

உரிமை இருந்தது. எத்தனை சொல்லியும் இன்ஸ்பெக்டர் செய்யாததை நான் யாரும் சொல்லாமலே செய்திருந்தேன். நோட்டு கை மாறியது.

"'அற்ப மனிதர்.' நீங்க எழுதினதா?"

"ஆமாம்."

"உங்களைத் தள்ளிவிட்டாரு. கோவம்."

"அப்போ கோபம். அதுக்காக..."

"பேரு எழுதியிருக்கா?"

"அப்போ பேர் தெரியாது."

"லால்குடி இன்ஸ்பெக்டர்னு எழுதியிருக்கா?"

"இல்லை."

"கட்டைக் குரல், முறுக்கு மீசை. இந்த ஜில்லாவுல அப்படி இல்லாத போலீஸ் அதிகாரி யாராவது ஒருத்தரைச் சொல்லுங்க பாப்போம்." மறுபடி சிரிப்பு. "இந்தக் கேஸ்ல போன வாரம் வரைக்கும் எதிரிக்கு ஆஜரானவர்தானே நீங்க?"

அதற்கும் ஆமாம் என்றேன்.

தீர்ப்பில் என்னைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. எதிரியின் நலனில் அக்கறை உள்ளவர், அதிகாரிமேல் பகை உள்ளவர், நம்பத்தக்கவர் அல்ல. அரிவாள் மீட்பு நிரூபணமானது. ஆயுள் தண்டனை. கட்சிக்காரரின் மனைவி கோர்ட் வாசலில் சத்தமே போடாமல் உட்கார்ந்துவிட்டார்.

மெட்ராஸில் அப்பீல் போட்டோம். ஹைகோர்ட் நீதிபதிகளும் டயரியை வரவழைத்துப் படித்தார்கள் என்று அங்கே ஆஜரான வக்கீல் எழுதினார். ஒரு வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்த பிறகு விடுதலை வந்தது. தீர்ப்பு நகலை வரி விடாமல் படித்தேன். அரிவாள் மீட்கப்பட்டவிதம் மனத்துக்குத் திருப்தி தரவில்லை, இருட்டில் பார்த்த ஒரே சாட்சியை நம்பித் தண்டிக்க முடியாது, சந்தேகத்தின் பலன் எதிரிக்கு. ஏன் திருப்தி தரவில்லை என்று இல்லை. டயரியைப் பற்றி, 'பார்வையிட்டோம்' என்ற ஒரே சொல். இந்த ஒரு சொல்லுக்குமேல் எதையாவது எழுதியிருக்கக் கூடாதா என்று அந்த நகலோடு நான் பல நாள் சண்டை போட்டேன்.

விடுதலையாகி மறு வாரமே கட்சிக்காரர் ஸ்ரீரங்கத்துக்கு வந்தார். உடம்பு பாதியாகியிருந்தது.

"அந்த டயரில என்னதாங்கய்யா எழுதியிருந்துச்சு?"

"தெரியாது."

"இப்பத்தான் கேஸ் முடிஞ்சிருச்சே. கேட்டா காட்ட மாட்டாங்களா?"

"அது போலீஸுக்கே திரும்பிப் போயிடும். நாம பாக்க முடியாது."

"ஊர்ல சந்தேகத்துல வுட்டுட்டாங்கன்னு சொல்றாங்கய்யா. வெட்டலேன்னு யாரும் சொல்லலே. தண்ணி பாச்சப் போனா ஒதுங்கி நிக்கிறாங்க. பொண்ணு கேட்டு வந்தவங்க திரும்பிப் போயிட்டாங்க." மேஜைமேல் இருந்த என் நோட்டைப் பார்த்தார். "ஒங்க நோட்டுல இருக்குல்ல? அதையாச்சும் வந்து வாசிச்சுக் காட்டுங்கய்யா."

ஞாயிற்றுக்கிழமை லால்குடிக்கு ரயிலேறினேன். ஊர்க்கூட்டத்தில், தள்ளியது முதல் அற்ப மனிதர் வரை எதையும் விடாமல் அந்தப் பக்கத்தை வாசித்தேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. இறந்தவரின் தம்பி கடைசி வரிசையில் கைகட்டி நின்றிருந்தார். நான் முடித்ததும் முன்னால் வந்தார்.

"வக்கீலய்யா எழுதினது வக்கீலய்யா பக்கந்தானே இருக்கும். போலீசு எழுதினதைக் கொண்டாந்து படிங்க. இந்தாளு அருவாள எடுத்துக் குடுக்கலேன்னு அதுல இருந்தா, நானே இவன் வூட்டுல வந்து சோத்துல கைநனைக்கிறேன்."

கூட்டம் என்னைப் பார்த்தது. அவர் கேட்டதில் தப்பே இல்லை. நான் நோட்டை மூடிக்கொண்டேன். கட்சிக்காரர் என்னோடு ஸ்டேஷன் வரை நடந்து வந்தார். ரயில் வருகிறவரை பிளாட்பாரத்தில் கூடவே நின்றார்.