நல்லாத் தெரிகிற கண்

டாக்டருக்குத் தமிழ் வராது. அதனால் சோதனையில் தெரிந்ததை நோயாளிகளிடம் சொல்வது சுரங்க ஆஸ்பத்திரியின் கண் பிரிவு நர்ஸ் பாக்கியவதியின் தலையில் விழுந்தது. கண் வலியோடு வருகிறவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொள்வார்கள். ஒரு குறையும் இல்லை என்று நிற்கிறவர்களிடம்தான் அவள் பாடு திண்டாட்டம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் கோரமண்டல் தங்கச் சுரங்கத்திலிருந்து தங்கவேலு வந்தார். சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுப்பவர். சர்க்கரை வியாதிக்காரியான மனைவி கிருஷ்ணம்மாவுக்குத் துணையாக வந்தார். டாக்டர் அவளுடைய கண்மணியை மருந்தால் விரிய வைத்து உள்ளே பார்த்தார். விழித்திரையில் ரத்தப் புள்ளிகள்.

"சக்கரையை அடக்கி வைங்கக்கா. இல்லன்னா கசிவு கூடும்" என்றாள் பாக்கியவதி. கிருஷ்ணம்மா பயந்து தலையாட்டினாள்.

கையோடு தங்கவேலுவையும் படுக்க வைத்து, கண்ணை மரத்துப்போகச் செய்து கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பார்த்தார்கள். எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அதனால் பார்வை நரம்பும் குழிந்திருந்தது.

"எனக்கு இன்னா சிஸ்டர்? கண்ணு நல்லாத்தானே கீது!"

"நடுவுல கடைசி வரைக்கும் நல்லாத்தாண்ணா தெரியும். ஓரந்தான் முதல்ல போவும். ஒரு கண்ணு விட்டதை இன்னொண்ணு காட்டிடுது, அதான் உங்களுக்குப் புரியல. போனது திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்தத்தான் இந்தச் சொட்டு மருந்து."

ஒரு கண்ணை மூடச் சொல்லி, தன்னையே பார்க்க வைத்து, விரலை ஓரத்திலிருந்து மெல்ல நகர்த்தினாள். அவள் கண்ணுக்கு எப்போதோ தெரிந்துவிட்ட விரல், நடுவுக்கு வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அவர் முகம் கறுத்தது. மருந்தை வாங்கிப் போனார்.

இரண்டு மாதம் கழித்துக் கிருஷ்ணம்மா மட்டும் வந்தாள். "மருந்து போட்டா புருவம் நோவுதாம். கீழ இறங்கினா ஒரே இருட்டாம். நிறுத்திட்டாரு."

பாக்கியவதி அன்றே சுரங்கத் தொழிலாளர் வரிசையில் இருந்த அவர்கள் லைன் வீட்டுக்குப் போனாள். "மருந்து கண்மணியைச் சுருக்கும்ணா, அதான் இருட்டு. டாக்டர்ட்ட சொல்லி, சுரங்கத்துக்குள்ள இறங்காம தரைக்கு மேல வேலை கேளுங்க."

"கண்ணு கெட்டவன்னு பேரு வாங்கி மேல குந்தணுமா? நல்லாக் கீற கண்ணைக் கெடுக்கிற மருந்து எனக்கு வேணாம், போங்க."

மன்றாடினாள். அவர் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார்.

ஆறு வருஷம் கழித்துக் கிருஷ்ணம்மா அவரைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தாள். ஒரு கண் முழுதும் போயிருந்தது. மற்றதில் குழாய் வழியே பார்ப்பதுபோல் கொஞ்சம் மிச்சம். பெஞ்சு நிறைய ஆட்கள் இருக்கும்போதே அவர் சத்தம் போட்டார்.

"அன்னிக்கே இந்தம்மா ஒழுங்கா எடுத்துச் சொல்லியிருந்தா எனக்கு இந்தக் கதி வருமா?"

கிருஷ்ணம்மாவுக்கு எல்லாம் தெரியும். ஆனால் அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள். பாக்கியவதி அவர் முகத்தை நிமிர்த்தி, எஞ்சிய கண்ணில் சொட்டு விட்டாள்.

கண் சோதனைக்குக் காத்திருந்த ஒருத்தி, அவர் போட்ட சத்தத்தைக் கேட்டுப் பாக்கியவதியை மேலும் கீழும் பார்த்தாள். "எனக்கு ஒண்ணுமில்ல, சக்கரைக்குத்தான் வந்தேன்" என்று எழுந்து நடந்தாள். பாக்கியவதி வாசல் வரை கூப்பிட்டுக்கொண்டே போனாள். அவள் திரும்பவே இல்லை.