இரண்டாவதாக அனுப்பிய படம்

வெண்பாவுக்குப் பொய் சொல்ல வராது. வாயை மூடிக்கொண்டிருக்க மட்டும் நன்றாக வரும். அந்த ஒரு பழக்கம்தான் அவளைக் கவிழ்த்தது.

செராமிக் டிப்ளமோ கடைசி வருஷம். விருத்தாசலத்தில் ஜாடி, பூச்சாடி செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் பயிற்சிக்கு வந்திருந்தாள். வடிவமைப்புப் பிரிவைப் பார்த்துக்கொண்ட நீலாவதி மேடம், "ஒழுங்கா இருந்தீன்னா இங்கயே வேலைக்குச் சேத்துக்கலாம்" என்று சொல்லியிருந்தார். வீட்டில் அந்த வேலை ஏற்கெனவே கிடைத்துவிட்டதாகவே பேச்சு.

அப்போதுதான் கம்மாபுரம் பக்கத்திலிருந்து பழமலை என்ற விவசாயி ஜாடி செய்யச் சொல்லி வந்தார். சுரங்கத்துக்கு நிலமும் வீடும் போகிறது. வாசலில் நின்ற வேப்பமரத்தை அவரே வெட்டி வைத்திருந்தார். அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பங்காளி என்று ஆளுக்கொரு ஊருக்குப் போகிறார்கள். போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் எல்லாருக்கும் கடைசிச் சாப்பாடு. அன்றைக்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ஜாடியில் விதைநெல் போட்டு, அந்த வேம்பில் கடைந்த மூடியால் மூடிக் கொடுக்க வேண்டும். ஜாடி சூளையிலிருந்து வருவதற்குள் மரக் கடைசல்காரர் மூடியை முடித்துவிட வேண்டும் என்பதால், ஜாடி வாயின் அளவைப் படமாகக் கேட்டார் பழமலை.

மண் ஜாடி சூளையில் சுருங்கும். அதனால் ஒவ்வொரு ஜாடிக்கும் இரண்டு படம் உண்டு. அச்சுக்குப் பெரிய அளவு, சுட்ட பிறகு வரும் அளவு வேறு. வெண்பா வாட்ஸ்அப்பில் பழமலைக்கு அனுப்பியது அச்சுப் படம். விவசாயிக்கு என்ன தெரியும்? பிரிண்ட் எடுத்துக் கடைசல்காரரிடம் கொடுத்துவிட்டார்.

ஒரு மத்தியானம், வேறு வேலையாக ஃபைலைத் திறந்தபோது, தான் அனுப்பியது அச்சுப் படம் என்பது அவள் கண்ணில் பட்டது. நீலாவதி மேடம் பக்கத்து மேஜையில்தான் இருந்தார். இரண்டடி எட்டிவைத்துச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போய்விடுமே! சரியான படத்தைத் தேடி எடுத்து அனுப்பினாள். கீழே, "ஐயா, ஜாடி படம்" என்று மட்டும் எழுதினாள். முதலில் போனது தப்பு, கடைவதை நிறுத்துங்கள் என்று ஒரு வரி எழுதவில்லை. இரண்டு நீல டிக் விழுந்ததும் பெருமூச்சு விட்டு டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

சாயங்காலம் கிளம்பும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மேடத்திடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் திட்டவில்லை. உடனே ஸ்பீக்கரில் பழமலைக்குப் போன் போட்டார்.

"மூடியா? இப்பதாங்க எல்லாத்தையும் முடிச்சிட்டாரு. மத்தியானம் பாதி மரம் கெடந்துது. இப்ப தூளுதான் இருக்குது."

மேடம் விஷயத்தைச் சொன்னார்.

"இனிமே அந்த மரத்துக்கு நான் எங்கங்க போவேன்?" என்றார் பழமலை.

தொப்பிபோல வாயின்மேல் கவிழும் மூடி அது; உள்ளே பெரிதாகக் கடைந்துவிட்டதை இனிச் சின்ன வாய்க்குப் பொருத்த முடியாது. மூடிக்கேற்ற பெரிய ஜாடிகளைக் கம்பெனி செலவிலேயே செய்து தருவதாக மேடம் ஒப்புக்கொண்டார். ஆனால் புது அச்சு எடுத்து, வார்த்து, காயவைத்துச் சுடுவதற்குள் அந்த ஞாயிறு போய்விடும். போயும்விட்டது. எல்லாரும் சாப்பிட்டுவிட்டு, வெறும் மூடியை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு பஸ்ஸில் ஏறிப் போனார்கள்.

ஜாடிகள் வந்ததும் மேடம் வெண்பாவையும் கூட்டிக்கொண்டு வேனில் போனார். பழமலை இப்போது வாடகை வீட்டில் இருந்தார். தன் பங்கு மூடியை எடுத்து ஒரு ஜாடியில் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"சரியாத்தான் இருக்குது. மத்ததையும் எறக்கி வைங்க, ஆளு வந்தா குடுக்கறேன். வருவாங்களோ என்னமோ."

"ஐயா, என்ன மன்னிச்சிடுங்க" என்றாள் வெண்பா.

"தப்பு யாருக்கும் வரும்மா. நான் அத ஒண்ணும் சொல்லல." மூடியை எடுத்தார், மறுபடி வைத்தார். "ரெண்டாவதா ஒரு படம் அனுப்புனியே, அப்ப நான் கடைசல் பட்டறையிலதான் நின்னுக்கிட்டிருந்தேன். போனு கையிலயே இருந்துது. அதே படம்தான் திரும்ப வந்திருக்குதுன்னு நெனச்சேன். ஒரு வார்த்த நிறுத்துங்கன்னு போட்டிருந்தீன்னா நிறுத்தியிருப்பேனேம்மா."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். திரும்பும் வழியில் மேடம் வேலையைப் பற்றி ஏதோ பேச ஆரம்பித்தார். வெண்பாவின் காதில் எதுவும் ஏறவில்லை.