சுடரைப் பார்க்கும் முகம்

ஆலங்குடியில் இருக்கும் என் ஸ்டுடியோவுக்கு எங்கள் ஊர் விழாக் கமிட்டித் தலைவர் வந்து நின்றதுமே எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊர் என்பது பழக்கதோஷம்; நான் பிறந்த ஊர். நானாகப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அண்ணன் என்னோடு பேசுவதில்லை. திருவிழா என்றால் உடன்பிறந்தவன் வீடு தேடி வந்து அழைக்க வேண்டும். அழைத்தால்தான் கட்டிக்கொடுத்த பெண் போய் மாவிளக்கு எடுப்பாள். கூப்பிடாத வாசலில் போய் நிற்க எனக்கும் வீம்பு விடவில்லை.

"கோயில் திருப்பணியால பல வருசமாத் திருவிழாவே இல்ல ஆத்தா. காட்டுறதுக்கு ஒரு நல்ல வீடியோ கெடையாது. வெளிநாட்டுல இருக்க நம்ம பயலுக பாத்தவொடனே டிக்கெட் போடணும். அந்த ஏஐல செஞ்சு குடு," என்றார் தலைவர். வாசல்வரை போனவர் திரும்பி, "ஒங்கண்ணன்தான் செயலாளரு. அவரு பாத்துச் சரின்னாத்தான் போடுவோம்," என்றார்.

அடக் கடவுளே! ஊரையே அழைக்கும் வீடியோவை அழைப்பில்லாதவள் செய்ய வேண்டும். அதற்கு அண்ணன் மார்க் போட வேண்டும். முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அண்ணன் பார்ப்பார் என்ற ஆசை சரியென்று சொல்லவைத்தது.

'திருவிழாக் கூட்டம், எண்ணெய் விளக்குகள், வாணவேடிக்கை, மகிழ்ச்சியான அழகான முகங்கள்' என்று ஏஐக்கு எழுதிக் கொடுத்தேன். வந்ததில் அத்தனை பேரும் வானத்தைப் பார்த்து முப்பத்திரண்டு பல்லையும் காட்டினார்கள். ஒவ்வொரு வாணம் வெடிக்கும்போதும் வெளிச்சத்தோடு முகமும் மாறியது. ஒருத்தி திரும்பினாள், மறுபடி இந்தப் பக்கம் பார்த்தபோது வேறொருத்தி. பின்வரிசை முகங்கள் பிசைந்த மாவாக ஒட்டிக் கிடந்தன.

"இது நம்ம ஊரா, பல் டாக்டர் விளம்பரமா?" என்றார் தலைவர்.

எனக்குக் கோபம் வந்தால்தான் வேலை ஓடும். கூட்டம் முழுவதற்கும் முகம் கேட்டால் ஒன்றும் உருப்படாது என்று புரிந்தது. முன்னால் மூன்று பெண்கள் போதும். மற்றவர்கள் முதுகும் தோளுமாக மங்கலாக நிற்கட்டும். வாணங்களைக் கோபுரத்துக்கு அப்பால் தள்ளினேன். முகத்தில் விளக்கின் மஞ்சள் வெளிச்சம் மட்டும், அதுவும் அலைபாயாமல். அழகு, மகிழ்ச்சி என்ற சொற்களை எடுத்துவிட்டு, வியர்வையும் நெற்றியில் ஒட்டிய முடியும் கேட்டேன். முதலில் அசையாத படமாக எடுத்து, கண்ணையும் விரலையும் சரிபார்த்துவிட்டு, அதையே சில விநாடிகள் அசைய வைத்தேன்.

முகங்கள் உருகவில்லை. ஆனால் ஆதார் கார்டுக்குப் படமெடுக்க உட்கார்ந்தவர்கள்போல விறைத்துக்கொண்டு இருந்தார்கள்.

யோசித்தேன். பாவம், அந்தப் பெண்களுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. மாவிளக்கு எடுப்பவள் எங்கே கேமராவைப் பார்ப்பாள்? விளக்கு அணைந்துவிடக் கூடாதே என்பதுதான் அவள் கவலையெல்லாம். எழுதினேன்: 'அரிசி மாவையும் வெல்லத்தையும் பிசைந்து, நடுவில் குழித்து, நெய்விட்டுத் திரி போட்ட விளக்கு. தட்டை ஒரு கையில் தாங்கி, மறு கையால் காற்றை மறைக்கிறாள். பார்வை சுடரில். காற்று வீசும்போது கீழுதட்டின் ஓரத்தை மெல்லக் கடிக்கிறாள்.'

கடைசி வரியை நான் யோசித்து எழுதவில்லை. அது அம்மாவின் பழக்கம். அம்மா இப்போது இல்லை. அவள் விளக்கெடுத்து நடந்த வீடியோவும் எங்களிடம் இல்லை.

சிலமுறை விரல் கூடியது, சிலமுறை உதடே காணாமல் போனது. ஒருமுறை சரியாக வந்தது. அம்மாவின் முகம் இல்லை, யாரோ ஒருத்தி. ஆனாலும் அவளுக்கு விளக்கைப் பற்றிய கவலை இருந்தது. நான் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

'கணினியில் உருவாக்கிய காட்சி' என்று ஓரத்தில் போட்டுத் தலைவருக்கு அனுப்பினேன். அண்ணனுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்.

மறுநாள் காலை கடை வாசலில் பைக் நின்றது. அண்ணன். நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை.

"வேட்டுச் சத்தத்தக் கொஞ்சம் கொறச்சிரு."

"சரிண்ணே."

போனில் வீடியோவை ஓடவிட்டு என் பக்கம் நீட்டினார். "இந்தப் பொம்பள யாரு?"

"யாருமில்லண்ணே. மெசினு செஞ்சது."

"ஒதட்டக் கடிக்கிறாளே."

"நாந்தாண்ணே அப்புடி எழுதுனேன்."

அண்ணன் சுவரில் மாட்டியிருந்த கல்யாண ஆல்பம் மாதிரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல மாவு பெசையிற பக்குவம் ஒருத்திக்கும் தெரியல. வெள்ளிக்கெழம வந்துரு. மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வா."

இத்தனை வருடத்தில் என் கணவரை அவர் மாப்பிள்ளை என்று சொன்னதே இல்லை. 'வாரேண்ணே' என்று சொல்ல வாயைத் திறந்தால் அழுகைதான் வரும். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். அண்ணன் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அவசர அவசரமாக பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.