குப்பைக்குழியில் எழுந்த புற்று

முப்பிடாதியம்மாள் டீச்சருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சங்கரன்கோவில் ஊர்க்கடைசியில் இருந்த அந்த ஆரம்பப் பள்ளியில் நாலாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியதோடு நின்றிருந்தால் அவர் நிம்மதியாக ஓய்வு பெற்றிருப்பார். சத்துணவுக் கூடம் வந்த பிறகு கத்தரிக் காம்பும் வெங்காயத் தோலும் சுவரோரம் நாறிக் கிடப்பதை அவரால் பார்க்க முடியவில்லை. மண்ணாகப் போகிறதை இப்படி வீணடிக்கிறார்களே என்று கோபம் வந்தது.

பொங்கல் முடிந்ததும் பள்ளித் தோட்டத்துக்கு உரம் செய்ய டீச்சரும் பிள்ளைகளும் குழி வெட்டினார்கள். அடியில் சருகு, மேலே காய்கறிக் கழிவு, அதன்மேல் சாணிக் கரைசல், ஒரு கூடை மண். மறுபடியும் சருகு. மாதம் ஒருமுறை கிளறி, காய்ந்தால் தண்ணீர் தெளித்தார்கள். ஒருநாள் கிளறும்போது ஆவி பறந்தது. பிள்ளைகள் பின்வாங்கினார்கள்.

"பயப்படாதீங்க மக்கா. கண்ணுக்குத் தெரியாத பூச்சி உள்ள இருந்து திங்குது. அந்தச் சூடுதான்" என்றார் டீச்சர்.

கோமதித்தாய் என்ற பெண் மட்டும் உள்ளே கையை விட்டுப் பார்த்துச் சிரித்தாள். அந்தக் கை நாற்றம்தான் வீடு வரைக்கும் போய் வம்பை இழுத்து வந்தது. மறுநாள் அவள் அப்பா சங்கரபாண்டியன் பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றார். கரிசல் காடும் இரண்டு ஜோடி மாடும் உள்ளவர்.

"எம்பிள்ளைய எதுக்கு டீச்சர் குப்பை அள்ள விடுதிய?"

"ஒங்க வீட்டுல குப்பைக்கிடங்கு இல்லையா அண்ணாச்சி?"

"இருக்கு. அதுக்கு ஆளு இருக்குல்லா."

அந்த ஆளின் பிள்ளைகளும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. தலைமையாசிரியர் நடுவில் புகுந்து ஒரு வழி சொன்னார். கோடை விடுமுறை முடிந்து குழியைத் திறக்கும்போது அது மண்ணாக இருந்தால் கோமதித்தாயும் தோட்டவேலை செய்யட்டும். குப்பையாகவே கிடந்தால் குழியை மூடிவிடலாம். சங்கரபாண்டியனும் சரியென்றார். அதுவரை கோமதித்தாய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மற்றவர்கள் கிளறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடுமுறைக்கு முன் டீச்சர் ஒரு தப்புச் செய்தார். வெயில் தாக்காமல் இருக்கக் குழிமேல் காய்ந்த பருத்திக் குச்சிகளான பருத்திமாரை அடுக்கி, அதன்மேல் மண்ணைக் குவித்து மூடினார். மே மாதம் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. காய்ந்த குச்சிக்குக் கறையான் வராமல் வேறென்ன வரும்?

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது குழிமேல் முழங்கால் உயரத்துக்குப் புற்று எழுந்திருந்தது. அதற்கு மஞ்சள் துணி சுற்றி, குங்குமம் வைத்து, யாரோ பாலும் ஊற்றியிருந்தார்கள். கயிறு கட்டி வேலி போட்டுக்கொண்டிருந்தவர் சங்கரபாண்டியன்.

"இது கறையான் அண்ணாச்சி. பருத்திமாரைத் திங்க வந்தது" என்றார் டீச்சர்.

சங்கரபாண்டியன் கோபப்படவில்லை. நிதானமாகவே கேட்டார். "நம்ம கோயில் புத்தும் கறையான் கட்டுனதுதான டீச்சர்?"

வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போய்ப் புற்றுமண் பூசி வருகிறவர்தான் டீச்சரும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் தேடுவதும் அதைத்தான். இந்தப் புற்றின்மேல் மண்வெட்டியை வைக்க அவருக்கே கை வராது. அதுதான் அவரை அதிகமாக வாட்டியது.

"பக்கவாட்டுல மட்டும் மண்ணைத் தோண்டி எடுத்துக்கிடுதேன். பிள்ளைகளுக்குக் காட்டணும்."

"இடிஞ்சிரும் டீச்சர். வேண்டாம்."

குழியின் ஓரம் ஏற்கெனவே சரிந்து கொஞ்சம் மண் கொட்டிக் கிடந்தது. கறுப்பாக, பொலபொலவென்று. நாற்றம் துளியும் இல்லை. டீச்சர் நினைத்ததைவிட நன்றாகவே மக்கியிருந்தது. சங்கரபாண்டியன் குனிந்து அதில் ஒரு பிடி எடுத்தார். சத்துணவுச் சாம்பாரில் கிடந்த புளியங்கொட்டை ஒன்று அதில் மக்காமல் இருந்தது. அதை விரலால் சுண்டி எறிந்துவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டு, மகளின் நெற்றியில் மண்ணைப் பூசினார். பின்னால் நின்ற பெண்களும் ஆளுக்கொரு சிட்டிகை முந்தானையில் முடிந்துகொண்டார்கள். கோமதித்தாயைப் பற்றித் தாம் சொன்ன பேச்சை எடுக்காமல், கத்தரிக்கும் கீரைக்கும் பாத்தி வேறெங்காவது பார்ப்போம் என்று தலைமையாசிரியர் நழுவினார். பாத்திக்குப் போட வேண்டிய மண்தான் புற்றுக்கு அடியில் இருந்தது.

டீச்சர் வகுப்புக்குள் போய் வழக்கம்போலக் கேட்டார். "நாம போட்ட குப்பை என்னவா ஆச்சு?"

"சாமியா ஆச்சு டீச்சர்." வகுப்பே ஒரே குரலில் சொன்னது.

டீச்சர் அதைத் திருத்தவில்லை. கோமதித்தாய் மட்டும் பதில் சொல்லவில்லை. மணி அடித்ததும் மேசைப் பக்கம் வந்தாள். நெற்றியில் மண் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அதை விரலால் தொட்டு மோந்து பார்த்தாள்.

"நாம போட்டது மண்ணாயிட்டு, என்ன டீச்சர்?"

"ஆமா மக்கா."

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுல சொல்ல மாட்டேன்."