அறுபத்திரண்டு புளியங்கொட்டை

என் வீட்டுக்காரர் ரயில்வே சரக்கு ஆபீசில் தற்காலிகக் கிளார்க். நிரந்தரமாக வேண்டுமானால் ஒரு பரீட்சை பாஸ் பண்ண வேண்டும். ஒரு முறை எழுதிக் கணக்கில் மட்டும் கோட்டை விட்டார். இரண்டாவது முறையும் விட்டால் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். பெயர் போனால் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்களுக்குக் கொடுத்திருந்த குவாட்டர்ஸும் போகும். அப்புறம் பந்திங்கில் இருக்கும் அவருடைய அண்ணன் வீடுதான் கதி. அண்ணன் பெண்சாதி உலை வைக்கும்போது அரிசியை எண்ணித்தான் போடுவாள். அங்கே நான் ஏற்கெனவே ஒரு வருஷம் இருந்து பார்த்தவள். மறுபடி போக மாட்டேன் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. போன வருஷத்துக் கணக்குக் கேள்வித்தாளை ஆபீசில் உட்கார்ந்து இரண்டு மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தார். பெரிய கிளார்க் சிவப்பு மசியில் திருத்தி, மேலே 38 என்று போட்டு வட்டம் இழுத்திருந்தார். பாஸுக்கு ஐம்பது வேண்டும்.

"அந்த ஆளுக்கு என் மேல பொறாமை," என்றார் இவர், செருப்பைக் கழற்றாமலே.

"பொறாமைக்கு எத்தனை மார்க்கு குறைச்சான்? காட்டுங்க."

நான் கான்வென்டில் ஏழாவது வரை படித்தவள். கணக்கில் முதல் வரிசை. அதை யாரும் கேட்டதில்லை, நானாகச் சொன்னதும் இல்லை. அன்றைக்குத் தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பத்து. போன மார்க்கு அறுபத்திரண்டு. அது எங்கே போனது என்று தெரியாமல் மறுபடி முதல் பக்கத்திலிருந்து படிப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்ளுவது மாதிரி.

புளியங்கொட்டையில் அறுபத்திரண்டை எண்ணி முறத்தில் கொட்டினேன். நாலு தேங்காய்ச் சிரட்டையை வரிசையாக வைத்தேன். தெரியாமல் போனது ஒன்று. தெரிந்தும் கவனமில்லாமல் விட்டது ஒன்று. ஏதோ ஒரு விஷயத்தைத் தப்பாகவே மனசில் பிடித்து வைத்திருப்பது ஒன்று. நேரம் போதாமல் தொடாமலே விட்டது ஒன்று.

"அஞ்சாவது சிரட்டை வை," என்றார். "எதுக்கு?" என்றேன். "பெரிய கிளார்க்கோட வஞ்சனைக்கு."

வைத்தேன். காலியாகவே இருக்கட்டும் என்று.

ஒவ்வொரு கேள்வியாகப் போனோம். முதல் இரண்டும் முழு மார்க்கு. மூன்றாவது தசமக் கணக்கு. 68 என்பதை அடுத்த வரியில் 86 என்று இறக்கியிருக்கிறார். நாலு கொட்டை கவனமில்லாத சிரட்டையில் விழுந்தது. ஆறாவதும் முழு மார்க்கு. ஏழாவதில் மூன்று ஆள் ஒரு சுவரை ஆறு நாளில் கட்டுவது. இவர் கட்டிய சுவர் எந்த நாளிலும் முடியவில்லை. பத்து கொட்டை தெரியாத சிரட்டையில். எட்டு, ஒன்பது, பத்து மூன்றையும் தொடவே இல்லை. முப்பது கொட்டை நேரச் சிரட்டையில் குவிந்தது.

நான்காவதும் ஐந்தாவதும் எடைக் கணக்கு. அதில் பதினெட்டு போயிருந்தது. வழி சரியாகத்தான் இருந்தது, விடை மட்டும் எங்கேயோ கிடந்தது. வரிவரியாக நோண்டினேன். ஒரு அந்தர் எடைக்கு நூறு ராத்தல் என்று போட்டிருந்தார். பதினெட்டு கொட்டையும் தப்பாகப் பிடித்து வைத்திருக்கும் சிரட்டைக்குப் போயிற்று.

"நூத்திப் பன்னெண்டுங்க!"

"ஒரு பிக்குலுக்கு நூறு காத்திதானே? அதே மாதிரிதான் இதுவும்."

"பிக்குல் சீனன் கணக்கு, அந்தர் வெள்ளைக்காரன் கணக்கு! நாள் முழுக்கச் சரக்கு நிறுத்து எழுதுற மனுசனுக்கு இது கூடவா தெரியாது?"

"ஆபீஸ் சுவத்துல அட்டவணை தொங்குது லா. பாத்துப் போடுவோம்."

"பரீட்சை ஹாலுக்குச் சுவத்தைப் பேத்து எடுத்துட்டுப் போவீங்களா?"

பக்கத்து வீட்டு ரயில் எஞ்சின் ஃபயர்மேன் பெண்சாதி பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தாள். "தூக்கிட்டுப் போகட்டும் அக்கா! இந்தச் சுவர் இல்லாட்டி எனக்கும் நல்லாக் கேக்கும்!"

இவ்வளவுக்கும் பிறகு, "அப்ப அந்த ஆளு, சுவர், நாள் கணக்கை முதல்ல உருப்போடுறேன்," என்றார். அதுதான் கஷ்டமாம், ஆண்பிள்ளைக்கு அதுதான் அழகாம். எனக்குக் கோபம் பிடரியில் ஏறியது. அது பத்து மார்க்குச் சிரட்டை. அதைப் புரிந்துகொள்ளவே ஒரு வாரம் போகும். பதினெட்டுக்கு ஒரே ஒரு அட்டவணை போதும். முப்பதுக்கு என்ன வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

அதையும் சோதித்தேன். தொடாத மூன்றையும் கடிகாரம் பார்க்காமல் போடச் சொன்னேன். இரண்டு சரி, ஒன்று தப்பு. ஆக, அந்த முப்பதில் இருபது அவருக்குத் தெரிந்ததுதான். தப்பானதன் பத்து கொட்டையைத் தெரியாத சிரட்டைக்கு மாற்றினேன். மீதி இருபது அறிவில்லாமல் போகவில்லை, வேறு எதிலோ போயிருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதற்கு முந்திய வருஷத்துத் தாளைக் கொடுத்து, அலாரம் கடிகாரத்தோடு எதிரில் உட்கார்ந்தேன். மனுஷன் பேனாவைத் துடைத்தார். ரூல் தடியை எடுத்துச் சிவப்புக் கோடு இழுத்தார். பிறகு கேள்வியை, முழுக் கேள்வியையும், கொக்கி கொக்கியாக, சுழி சுழியாக, எழுத ஆரம்பித்தார். ஐந்து நிமிஷம். ஆபீஸ் தாளிலும் கேள்வி இப்படித்தான் இருந்தது, அதற்கு ஆகும் நேரம்தான் எனக்கு உறைக்கவில்லை. அடியில் இன்னொரு சிவப்புக் கோடு. அதற்கப்புறம்தான் கணக்கு.

"என்னங்க பண்றீங்க?"

"பேசாத. காப்பி எடுக்கிறேன்."

"கேள்விதான் தாள்லயே அச்சடிச்சு இருக்கே!"

"எந்தக் கடுதாசியா இருந்தாலும் காப்பி எடுத்துட்டுத்தான் பதில் எழுதணும். அதான் ஆபீஸ் முறை. என் கையெழுத்தைப் பார்த்துதான் என்னை வேலைக்கே எடுத்தாங்க."

அப்படியானால் ஆபீஸ் தாளில் தொட்ட ஏழு கேள்விக்கு முப்பத்தைந்து நிமிஷம். இரண்டு மணி நேரத்தில் முப்பத்தைந்து நிமிஷத்தைச் சுழி போட்டே கொன்றிருக்கிறார். நான் ரூல் தடியைப் பிடுங்கி அடுப்பு மேல் பரணில் எறிந்தேன். சிவப்பு மசிப் புட்டியை ஃபயர்மேன் பெண்சாதியிடம் கொடுத்துவிட்டேன். அவள் அதைக் கோலத்துக்குக் கலந்து தீர்த்துவிட்டாள்.

பிறகு இப்படி வைத்தேன். காலையில் குளிக்கும்போது எடை அட்டவணை. நாலு குவார்ட்டர் ஒரு அந்தர், இருபது அந்தர் ஒரு டன் என்று வாளி வாளியாக ஊற்றிக்கொண்டு கத்துவார். ஃபயர்மேன் பெண்சாதி கேட்டுக் கேட்டு அவளும் மனப்பாடம். சாயங்காலம் ஆறு எடைக் கணக்கு, ஒவ்வொரு வரி இறங்கியதும் மேல் வரியோடு ஒரு முறை ஒத்துப் பார்ப்பது. கேள்வி எண் மட்டும் போடுவது, கேள்வியை எழுதினால் அன்றைக்குக் கருவாடு கிடையாது. சுவர் கட்டும் ஆட்களைப் பரீட்சை முடியும் வரை வீட்டுக்குள் விடக் கூடாது.

மூன்று நாள் கருவாடு போயிற்று. நான்காம் நாள் கை நின்றது.

பரீட்சைக்கு நான்கு நாள் முன்னால் இன்னொரு பழைய தாளை எழுத வைத்து நானே திருத்தினேன். அறுபத்தேழு. எடையில் ஒன்றும் போகவில்லை. சுவர்க் கணக்கு அதிலும் வந்து பத்தைத் தின்றது. தின்று தொலையட்டும் என்று விட்டேன்.

பரீட்சை முடிந்து இரண்டு மாதம் கழித்து ஆபீஸ் பலகையில் பாஸானவர்கள் பட்டியல் ஒட்டினார்கள். இவர் வரவேண்டிய நேரம் தாண்டிப் போயிற்று. வாசலில் நின்று காலே கடுத்துவிட்டது. மனசுக்குள் பந்திங்குக்கு மூட்டை கட்டி, பாத்திரத்தை எல்லாம் சாக்கில் போட்டுவிட்டேன். ஃபயர்மேன் பெண்சாதியும் பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டாள்.

ஒரு வழியாக வந்தார். ஒரு தாளை நீட்டினார். பட்டியல் முழுவதும் அதில் இருந்தது, யார் யாரோ பதினொரு பேர், அதிகாரி கையெழுத்து உட்பட. கொக்கி கொக்கியாக, சுழி சுழியாக. மேலும் கீழும் சிவப்புக் கோடு.

"பாஸா பெயிலா, அதைச் சொல்லுங்க முதல்ல!"

"படி. தலைப்புலேர்ந்து படி."

ஏழாவது பெயர் இவருடையது. நான் சிரட்டைகளைக் கொண்டுபோய் அடுப்பில் போட்டேன். ஐந்தாவதும் நன்றாகவே எரிந்தது.