நூற்று அறுபத்தெட்டில் இரண்டு

சுகாதார அலுவலகத்தில் அவளை எல்லாரும் ‘எண்ணிக்கை அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் நோயாளிக் கணக்கைச் சேர்த்து, தினமும் நாலு மணிக்குள் ஒரு பக்க அறிக்கை போடுவது அவள் வேலை. அதில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, இன்று புதிதாக வந்தவர்கள். மற்றது, முதல் நாளிலிருந்து இதுவரை வந்த எல்லாரும். குணமாகி வீட்டுக்குப் போனவர்களும் அதில் அடக்கம்.

ஒரு காய்ச்சல் காலத்தில் அவளுடைய மேலதிகாரி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பத்திரிகைக்காரர்கள் முன்னால் நின்றார். “இன்னைக்கு மட்டும் நானூத்திப் பன்னிரண்டு பேர்” என்றார்.

அது மொத்தம். அன்று புதிதாக வந்தவர்கள் ஏழே பேர்.

“சார், அது மொத்தம் சார்” என்று அவள் பின்னாலிருந்து சொன்னாள். அவர் ஈயை விரட்டுவதுபோல் கையை ஆட்டினார்.

சாயங்காலத்துக்குள் ஊரே ஆஸ்பத்திரி வாசலில் முண்டியடித்தது. ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்க வந்திருந்த அவளுடைய அப்பா அந்த நெரிசலில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். மறுநாள் தவறு வெளியே தெரிந்ததும் அதிகாரி மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில் ஒரே வரி: எழுத்தர் தவறான எண் கொடுத்துவிட்டார்.

அவளைத் தொலைவான ஒரு கிளைக்குத் தூக்கியடித்தார்கள். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். படுத்த படுக்கையான அப்பா விழித்திருக்கும்போது அவள் அவரைப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். எட்டாவது மாதம், அவள் பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது அவர் போய்விட்டார்.

மூன்று வருஷம் கழித்துப் பழைய அலுவலகத்துக்குத் திரும்பினாள். அதே அதிகாரி பதவி உயர்ந்து, பெரிய அறையில் இருந்தார்.

“இந்தத் தடவையாவது ஒழுங்கா எழுதும்மா” என்றார், சிரித்துக்கொண்டே. “ரெண்டு எண் போட்டுக் குழப்பாத. எனக்கு ஒரே எண் போதும். மொத்தம்.”

“புதுசா எத்தனைன்னு தெரியாம நோய் ஏறுதா இறங்குதான்னு சொல்ல முடியாது சார்.”

“சொன்னதைச் செய்.”

“எழுதிக் குடுத்துடுங்க சார்.”

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் அதை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்தாள்.

அந்த வருஷ மழையில் குடிநீர்க் குழாய் ஒன்று உடைந்து, சாக்கடை கலந்து, மஞ்சள் காமாலை பரவியது. டாக்டர்களுக்கும் தண்ணீர்ப் பிரிவுக்கும் அவள் இரண்டு எண்களையும் ஒரு நாள் தவறாமல் அனுப்பினாள். குழாயைச் சரிசெய்தார்கள், நோயும் தணிந்தது. அதிகாரியின் மேசைக்கு மட்டும் அவர் கேட்டபடியே ஒரே எண் போனது. நூற்று நாற்பது. நூற்று ஐம்பத்திரண்டு. நூற்று அறுபத்தொன்று. நூற்று அறுபத்தாறு.

“அக்கா, அந்த மனுஷன் தினமும் எண் ஏறுதேன்னு வேர்த்துக் கொட்டுறாரு” என்றாள் ஆய்வகத்துப் பெண். “சொல்லித் தொலையேன்.”

“ஒரு தடவை சொல்லியாச்சு.”

ஐந்தாம் நாள் தலைமை இயக்குநர் வந்தார். குட்டையான, கறாரான பெண்மணி. நீள மேசையைச் சுற்றி டாக்டர்களும் பொறியாளர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

“நிலைமை கைமீறுது மேடம்” என்றார் அதிகாரி. “பள்ளிக்கூடம் எல்லாத்தையும் மூடணும். இன்னைக்கு நூத்தி அறுபத்தெட்டு.”

“நேத்து?”

“நூத்தி அறுபத்தாறு.”

“ரெண்டு நாள்ல முந்நூத்தி முப்பத்துநாலு பேரா? இங்க இருக்கிறதே நாப்பது படுக்கை. எங்க படுக்க வச்சிருக்கீங்க?”

அதிகாரி கையிலிருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரிய டாக்டர் மேசையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்.

“கணக்கு யார் பாக்கறது?”

எண்ணிக்கை அக்கா எழுந்தாள். “நூத்தி அறுபத்தெட்டு, ஆரம்பத்துலேருந்து மொத்தம் மேடம். இன்னைக்குப் புதுசா ரெண்டு பேர். நேத்து அஞ்சு. அதுக்கு முந்தின நாள் ஒன்பது, அதுக்கு முந்தி பன்னிரண்டு. இறங்கிட்டிருக்கு.”

“இந்தம்மா எங்கிட்ட அதைக் குடுக்கவே இல்ல மேடம்!” அதிகாரி குரலை உயர்த்தினார். “முன்னாடியும் இப்படித்தான்...”

அவர் கையெழுத்திட்ட தாள் இருந்த பிளாஸ்டிக் உறையை அவள் இயக்குநர் முன்னால் வைத்தாள். அவர் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். “முன்னாடி என்ன நடந்துச்சு?” என்று அவளைப் பார்த்துக் கேட்டார்.

அவள் சொன்னாள். நானூற்றுப் பன்னிரண்டையும் ஏழையும் சொன்னாள். அப்பா விழுந்த இடத்தைச் சொன்னாள். பேசி முடிக்கும்வரை அதிகாரியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அது வெளுத்ததை ஒரு சொட்டு விடாமல் பார்த்தாள்.

விசாரணை நடந்தது. அவளுடைய கோப்பிலிருந்து பழைய குற்றச்சாட்டை நீக்கினார்கள். அவருக்கு மாற்றல் ஆணை வந்தது. அவளை அனுப்பிய அதே கிளை. கிளம்பும் நாளில் அவள் மேசைக்கு வந்து நின்றார்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா.”

“சொல்லியிருக்கலாம் சார்” என்றாள், தலை நிமிராமல்.

அன்று வீட்டில் கணவன் கேட்டான், “பாவமா இல்லையா உனக்கு?”

கொஞ்சம் யோசித்தாள். “இல்ல” என்றாள். சாப்பாடு ருசியாக இருந்தது. இன்னொரு தடவை போட்டுக்கொண்டாள்.